வெப்பப் பெட்டிச் சோதனை: காப்புப் பொருட்களை ஒப்பிட்டு ஆய்வறிக்கை எழுத முழுமையான வழிகாட்டி

ஒரு பெட்டிக்குள் சிறிய ஹீட்டரை வைத்து, ஒரு பக்கச் சுவரை மட்டும் தெர்மோகோல், தேங்காய்நார், இலவம்பஞ்சு, அட்டை என்று மாற்றி மாற்றிப் பொருத்தி, எது வெப்பத்தை நன்றாகத் தடுக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. கல்லூரி ஆய்வகத்தில் பல குழுக்கள் இதைச் செய்யும்போது கூடவே நின்றிருக்கிறேன். அறிக்கைகளில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. ஹீட்டர் தரும் வெப்பம் முழுவதும் மாதிரி வழியாகத்தான் வெளியேறுகிறது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பெட்டியில் பெரும்பாலான மாதிரிகளுக்கு அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போனது என்பதற்கு அறிக்கை கணக்குக் காட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கை நோக்கித்தான் போகின்றன.

## 1. கேள்வியை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள்

"எந்தப் பொருள் சிறந்தது?" என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. இரண்டு தனித்தனிக் கேள்விகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பொருளின் இயல்பான வெப்பக் கடத்துத்திறன் எவ்வளவு என்பது. இது தடிமனைச் சார்ந்தது இல்லை. மற்றொன்று, இந்தத் தடிமனில் இந்தப் பலகை எவ்வளவு தடுக்கிறது என்பது. இது வெப்பத்தடை, தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைக்கும்.

இரண்டுக்கும் தரவரிசை வேறாக வரலாம். கொஞ்சம் மோசமான பொருளாக இருந்தாலும் தடிமன் கூடினால் நன்றாகத் தடுத்துவிடும். எதை ஒப்பிடப் போகிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முடிவுரையில் இரண்டும் கலந்துவிடும்.

லீ தட்டு முறையில் செய்யக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். அட்டை, கண்ணாடி போன்ற மெல்லிய, விறைப்பான வட்டுக்கு அது நல்ல முறை. பஞ்சையும் நாரையும் உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்தால் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு வேறு பொருள். இவற்றுக்குப் பெட்டிதான் சரி.

## 2. பெட்டியும் தேவையான பொருட்களும்

நாங்கள் பயன்படுத்தும் பெட்டியின் உள்ளளவு 30 × 30 × 30 செ.மீ. ஐந்து பக்கமும் 10 செ.மீ. தடிமனான தெர்மோகோல். ஆறாவது பக்கம், அதாவது பக்கவாட்டுச் சுவர்களில் ஒன்று, திறந்திருக்கும். மாதிரி அங்கே செங்குத்தாக உட்காரும்.

ஹீட்டருக்கு 15 ஓம், 25 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை 12 வோல்ட் டிசி பவர் சப்ளையில் இணைத்தோம். அதே சப்ளையில் கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்தச் சிறிய மின்விசிறி ஒன்றும் ஓடும். பல்பு வைக்கலாம்தான். ஆனால் பல்பின் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீச்சாகப் போய் எதிரே உள்ள சுவரைத் தனியாகச் சுடும். எதிரே இருப்பது மாதிரியாக இருந்தால் அதன் ஒரு பகுதி மட்டும் சூடாகி, எந்த இடத்து வெப்பநிலையை எடுப்பது என்றே தெரியாமல் போகும். மின்தடைக்கும் மாதிரிக்கும் இடையே அலுமினியத் தாள் சுற்றிய அட்டை ஒன்றை நிறுத்துவதும் இதற்காகத்தான்.

மின்விசிறி தேவைப்படுவது ஏன் என்றால், அது இல்லாமல் சூடான காற்று மேலே தேங்கிவிடும். மேலேயும் கீழேயும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வந்தால் "பெட்டியின் உள் வெப்பநிலை" என்று ஒரே எண்ணை எழுத முடியாது. விசிறி எடுக்கும் மின்சாரமும் பெட்டிக்குள் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். அதனால் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எங்கள் பெட்டியில் ஹீட்டர் 0.80 ஆம்பியர், விசிறி 0.10 ஆம்பியர். மொத்தம் 0.90 ஆம்பியர், 12.0 வோல்ட். ஆக உள்ளே போவது 10.8 வாட். விசிறியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே 1.2 வாட் காணாமல் போகிறது.

வோல்ட்டை பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அளங்கள். சப்ளையின் முகப்பில் காட்டும் எண்ணை எடுக்காதீர்கள், நீளமான மெல்லிய ஒயரில் கொஞ்சம் வோல்ட் விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தெர்மோகோல் 80 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். மின்தடையை அலுமினியத் தகட்டில் திருகி, ஒரு தரை ஓட்டின் மேல் வையுங்கள். சுவரைத் தொடக்கூடாது. உள் காற்று 70 டிகிரியைத் தாண்டவே வேண்டாம். பஞ்சும் நாரும் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் ஹீட்டரோடு தொடராக ஒரு தெர்மல் ஃப்யூஸும் போட்டுவிடுங்கள். பெட்டியை ஓடவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது.

## 3. தெர்மோகப்பிள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்

நான்கு வெப்பநிலைகள் தேவை: உள் காற்று, அறைக் காற்று, மாதிரியின் உள்முகம், வெளிமுகம். நான்கு சேனல் கொண்ட ஒரு மீட்டரும் நான்கு மெல்லிய கே வகை தெர்மோகப்பிள்களும் போதும்.

இவை 0.1 டிகிரி வரை காட்டும். காட்டுவதாலேயே அது உண்மை ஆகிவிடாது. சாதாரண கே வகையின் உற்பத்திப் பிழை 2 டிகிரிக்கும் சற்று மேலேகூட இருக்கலாம். நமக்குத் தேவைப்படுவது வித்தியாசங்கள்தான். எனவே நான்கின் நுனிகளையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி ஒரு குவளைத் தண்ணீரில் வைத்துக் கலக்குங்கள். அறை வெப்பநிலையில் ஒருமுறை, 55 டிகிரி அளவிலான வெந்நீரில் ஒருமுறை. ஒன்றை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றின் விலகலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு அளவீட்டிலும் அந்த விலகலைக் கழிக்க வேண்டும்.

இதைச் சோதனை முடிந்த பிறகு செய்கிறேன் என்று தள்ளிப்போடுபவர்கள் கடைசியில் செய்வதே இல்லை. இதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும், முதல் நாளே முடித்துவிடுங்கள்.

மாதிரியின் முகத்தில் ஒட்டும்போது நுனியை மட்டும் டேப்பால் ஒட்டாமல், ஒயரையும் அதே முகத்தின் மேல் ஒரு 10 செ.மீ. நீளம் படியவிட்டு ஒட்டுங்கள். ஒயர் நேராகக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் வழியாக நுனிக்கு வெப்பம் வரும் அல்லது போகும். அப்போது முகத்தின் வெப்பநிலைக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணை மீட்டர் காட்டும்.

## 4. மாதிரிகள்: தடிமனும் எடையும்

எல்லா மாதிரிகளையும் 30 × 30 செ.மீ. அளவுக்குத் தயார் செய்யுங்கள். தெர்மோகோலில் 25 மி.மீ. ஒன்றும் 50 மி.மீ. ஒன்றும் வேண்டும். ஏன் இரண்டு என்பது ஆறாவது படியில் புரியும். நெளி அட்டையைப் பல அடுக்காக ஒட்டி 25 மி.மீ. ஆக்கலாம். இலவம்பஞ்சுக்கு 25 மி.மீ. ஆழமுள்ள மெல்லிய மரச்சட்டம் செய்து, இரண்டு பக்கமும் சார்ட் பேப்பர் ஒட்டி நிரப்ப வேண்டும்.

கடையில் "ஒரு இஞ்ச்" என்று வாங்கிய தேங்காய்நார்ப் பலகை எங்களிடம் 28 மி.மீ. இருந்தது. ஒரு ஓரத்தில் 26, நடுவில் 29. ஒன்பது இடங்களில் வெர்னியரை நசுக்காமல் வைத்து அளந்து சராசரி எடுத்தோம். இந்த 3 மி.மீ. கடைசி விடையில் எவ்வளவு விளையாடுகிறது என்பதை ஏழாவது படியில் காட்டுகிறேன்.

எடையையும் எழுதுங்கள். பஞ்சு, நார் போன்றவற்றில் வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான். எவ்வளவு இறுக்கமாக அடைத்தோம் என்பதைப் பொறுத்துக் கடத்துத்திறன் மாறும். எங்கள் சட்டத்தின் கொள்ளளவு 2.25 லிட்டர். அதில் 68 கிராம் பஞ்சு அடைத்தோம், அடர்த்தி கனமீட்டருக்கு 30 கிலோ. இந்த எண் இல்லாமல் "இலவம்பஞ்சின் கடத்துத்திறன்" என்று எழுதினால், வேறொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வழியே இல்லை.

பஞ்சைச் செங்குத்தாக நிறுத்தும்போது அது சரிந்து மேலே ஒரு இடைவெளி விழும். சோதனை முடிந்ததும் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவு வெற்றிடம் இருந்தால் அந்த ஓட்டத்தை அட்டவணையில் சேர்க்காமல், இன்னும் நெருக்கமாக அடைத்து மறுபடி செய்யுங்கள்.

பொருத்தும்போது ஒவ்வொரு மாதிரியின் உள்முகமும் பெட்டியின் உள்விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஓரங்களை டேப்பால் நன்றாக அடையுங்கள். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், கசிவு உள்ள இடத்தில் புகை இழுபடுவதோ விலகுவதோ தெரியும். இதை ஹீட்டர் போட்டுப் பெட்டி சூடான பிறகு பாருங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறப் பார்க்கும்.

## 5. நிலைத்த நிலை வரும்வரை காத்திருங்கள்

இந்தப் படியில்தான் மாணவர்கள் பொறுமை இழக்கிறார்கள். ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் உள்ளே 52 டிகிரி காட்டும். ஏறுவதும் மெதுவாகிவிட்டிருக்கும். போதும் என்று அளவெடுத்துவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் 10.8 வாட்டில் கணிசமான பகுதி வெளியே போகவே இல்லை. சுவர்களையும் தகட்டையும் தரை ஓட்டையும் சூடாக்குவதில் செலவாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அடுத்த படியில் வரும் சமன்பாட்டுக்கு அது தெரியாது. உள்ளே போனது எல்லாம் வெளியே போகிறது என்றே கணக்குப் போடும். தெர்மோகோலுக்கு ஒரு மணி நேர அளவீட்டை வைத்துக் கணக்கிட்ட குழுவுக்குக் கடத்துத்திறன் 0.088 என்று வந்தது. பொறுமையாக இருந்து எடுத்தால் அதே பலகைக்கு 0.037தான்.

எப்போது நிறுத்துவது? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு வெப்பநிலைகளையும் எழுதி, கையோடு வரைபடமும் போடுங்கள். உள் காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி 30 நிமிடத்தில் 0.2 டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால் நிலைத்த நிலை வந்துவிட்டது என்று கொள்ளலாம். எங்கள் பெட்டியில் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் மூன்றரை மணி நேரம் ஆகிறது. அடுத்த மாதிரியை, பெட்டி சூடாக இருக்கும்போதே சட்டென்று மாற்றிவிட்டால் இந்த நேரம் நன்றாகக் குறையும்.

உள் காற்றை மட்டும் பார்க்காமல் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலையில் 28 டிகிரி இருந்த அறை மதியம் 31 ஆகும். உள் வெப்பநிலையும் கூடவே ஏறும். அது பெட்டியின் குற்றம் இல்லை. ஏசி ஓடி ஓடி நிற்கும் அறை இன்னும் மோசம். ஏசியை அணைத்துவிட்டு, சன்னலை மூடி, மாதிரிக்கு நேரே சீலிங் ஃபேன் காற்று படாதபடி வைத்துச் செய்யுங்கள்.

## 6. பெட்டியின் சொந்தக் கசிவைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் சோதனையின் உயிர்நாடி. நிலைத்த நிலையில் உள்ளே போகும் வெப்பத்துக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, ஐந்து தெர்மோகோல் சுவர்களும் அவற்றின் மூலைகளும். மற்றொன்று, மாதிரி. சமன்பாடாக எழுதினால்:

```
P = G (Ti - Tr) + k A (T1 - T2) / d
```

P உள்ளே போகும் வாட். G என்பது பெட்டியின் கசிவு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் என்ற கணக்கு. Ti உள் காற்று, Tr அறைக் காற்று. T1, T2 மாதிரியின் உள்முக, வெளிமுக வெப்பநிலைகள். A மாதிரியின் பரப்பு, 0.09 சதுர மீட்டர். d தடிமன், மீட்டரில். k தான் நாம் தேடும் கடத்துத்திறன்.

இதில் G, k இரண்டும் தெரியாதவை. தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். ஒரே கட்டித் தெர்மோகோலிலிருந்து வெட்டிய 25 மி.மீ., 50 மி.மீ. பலகைகள் அதற்குத்தான். இரண்டுக்கும் k ஒன்று, பெட்டியும் ஒன்று. மாறுவது தடிமன் மட்டும்.

எங்கள் அளவீடுகள் இவை. 25 மி.மீ. பலகைக்குக் காற்று வித்தியாசம் 30.7 டிகிரி, முகங்களின் வித்தியாசம் 23.5. 50 மி.மீ. பலகைக்கு முறையே 35.1, 30.4. எண்களைப் போட்டால்:

```
10.8 = 30.7 G + 84.6 k
10.8 = 35.1 G + 54.7 k
```

இதைத் தீர்த்தால் k = 0.037, G = 0.25 கிடைக்கிறது. தெர்மோகோலுக்கு நூல்களில் தரப்படும் மதிப்பு சுமார் 0.033 முதல் 0.040 வரை. நம் விடை அதற்குள் விழுகிறது. நூல் மதிப்பை எங்கும் கடன் வாங்காமல் வந்த விடை என்பதால் இந்தப் பொருத்தத்துக்கு மதிப்பு இருக்கிறது. அறிக்கையில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது அந்த G என்ன சொல்கிறது என்று பாருங்கள். 30.7 டிகிரி வித்தியாசத்தில் பெட்டியின் சுவர்கள் வழியாக மட்டும் 7.7 வாட் போகிறது. மாதிரி வழியாகப் போவது 3.1 வாட்தான். 10 செ.மீ. தடிமனான சுவர்தானே, அதில் என்ன போய்விடும் என்று தோன்றும். ஆனால் அப்படி ஐந்து சுவர்கள் இருக்கின்றன, எட்டு விளிம்புகளும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து மாதிரியைப் போல இரண்டரை மடங்கு வெப்பத்தைக் கொண்டுபோகின்றன.

தொழில்முறை ஆய்வகங்களில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். பெட்டியைச் சுற்றி இன்னொரு பெட்டி வைத்து, அதையும் அதே வெப்பநிலைக்குச் சூடாக்கிவிடுவார்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் கசிவும் இருக்காது. ISO 8990 தரநிலை இப்படிப்பட்ட பெட்டிகளைப் பற்றியதுதான். நம்மிடம் அந்த வசதி இல்லை. அதனால் கசிவை நிறுத்துவதற்குப் பதில் அளந்து கழிக்கிறோம்.

## 7. மற்ற பொருட்களைக் கணக்கிடுங்கள்

G தெரிந்த பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு ஓட்டம் போதும். தேங்காய்நாரை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். நிலைத்த நிலையில் உள் காற்று 60.4, அறை 30.4, உள்முகம் 57.3, வெளிமுகம் 34.9. தடிமன் 28 மி.மீ.

```
பெட்டிக் கசிவு = 0.25 × 30.0 = 7.5 W
மாதிரி வழியாக = 10.8 - 7.5 = 3.3 W
k = 3.3 × 0.028 / (0.09 × 22.4) = 0.046 W/mK
```

இதே எண்களை வைத்துக்கொண்டு மூன்று விதமாகத் தவறலாம். ஒவ்வொன்றும் வேறு ஒரு விடையில் கொண்டுபோய் விடும் என்பதால், விடையைப் பார்த்தே எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம்.

கசிவைக் கழிக்காமல் 10.8 வாட்டையும் மாதிரியின் தலையில் போட்டால் 0.15 வரும். அது பிளைவுட் போன்ற மரப்பலகைகளின் அளவு. நாரைக் கையில் எடுத்தாலே காற்றோட்டமாக, லேசாக இருப்பது தெரியும். மரத்தைப் போலக் கடத்துகிறது என்று விடை வந்தால் கசிவு கழிபடவில்லை.

முகங்களின் வித்தியாசமான 22.4க்குப் பதில் காற்று வித்தியாசமான 30.0 ஐப் போட்டால் 0.034 வரும். தெர்மோகோலை முந்திவிட்டதாகத் தெரியும். உண்மையில், காற்றுக்கும் மாதிரியின் முகத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலங்களும் கொஞ்சம் தடுக்கின்றன. 30 டிகிரியில் ஏழரை டிகிரி அங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தப் பெருமையை நாருக்குக் கொடுத்துவிட்டோம். பொருள் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்தத் தவறு அதைக் காப்பாற்றும். நெளி அட்டைக்கு 0.058 வரவேண்டிய இடத்தில் 0.039 வந்துவிடுகிறது.

மூன்றாவது, அளந்த 28 மி.மீ.க்குப் பதில் கடைக்காரர் சொன்ன 25 ஐப் போடுவது. 0.041 கிடைக்கும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தால் தவறு போலவே தெரியாது.

எங்கள் நான்கு பொருட்களின் முடிவு:

| பொருள் | தடிமன் (மி.மீ.) | காற்று வித்தியாசம் (டிகிரி) | முக வித்தியாசம் (டிகிரி) | k (W/mK) |
|---|---|---|---|---|
| தெர்மோகோல் | 25 | 30.7 | 23.5 | 0.037 |
| இலவம்பஞ்சு | 25 | 30.2 | 22.6 | 0.040 |
| தேங்காய்நார் | 28 | 30.0 | 22.4 | 0.046 |
| நெளி அட்டை | 25 | 27.6 | 18.6 | 0.058 |

இன்னொரு சோதனைக்கல்லும் உண்டு. அசையாத காற்றின் கடத்துத்திறன் 0.026. காற்றைச் சிறைப்பிடித்துத் தடுக்கும் இந்தப் பொருட்கள் எதுவும் அதற்குக் கீழே போக முடியாது. 0.02 என்று வந்தால் கொண்டாட வேண்டாம், தெர்மோகப்பிள் கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## 8. பிழை வரம்பு: எந்த எண் எவ்வளவு ஆட்டுகிறது

"மனிதத் தவறு, கருவித் தவறு காரணமாகப் பிழை ஏற்பட்டிருக்கலாம்" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அது எதையும் சொல்வதில்லை. ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அதுதான் பிழை ஆய்வு.

50 மி.மீ. ஓட்டத்தில் காற்று வித்தியாசம் 35.1 என்று எழுதினோம். அது 34.6 ஆக இருந்திருந்தால்? மறுபடி தீர்த்தால் G = 0.259, k = 0.034 என்று வருகிறது. அரை டிகிரி தவறு தெர்மோகோலின் விடையை எட்டு சதவீதம் ஆட்டிவிட்டது. மூன்றாவது படியில் குவளைத் தண்ணீரை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

இப்போது கவனியுங்கள். G தவறினால் எல்லாப் பொருட்களுமே சேர்ந்து நகரும். 0.259 ஐ வைத்துத் தேங்காய்நாரைக் கணக்கிட்டால் 0.046 என்பது 0.042 ஆகிறது. தெர்மோகோல் 0.034, நார் 0.042. இரண்டும் இறங்கின, வரிசை மாறவில்லை. அதனால் தனித்தனி மதிப்புகளைவிட ஒப்பீட்டை அதிகம் நம்பலாம். இந்த ஒரு பத்தியை எழுதிய அறிக்கையைப் படிக்கும் ஆசிரியருக்கு, எழுதியவர் தன் பெட்டியைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

வரிசையையும் எவ்வளவு நம்பலாம்? அதற்கு ஒரு மாதிரியையாவது கழற்றி, வேறொரு நாள் மறுபடி பொருத்தி அளக்க வேண்டும். கழற்றாமல் இரண்டு முறை படிப்பது மறுசோதனை ஆகாது. டேப் ஒட்டியது, நுனி பதிந்தது எல்லாம் அப்படியே இருக்குமே. தேங்காய்நாரை மறுநாள் மாட்டியபோது 0.044 வந்தது. அதாவது 0.002 அளவு வித்தியாசம் மாட்டுவதிலேயே வரும். தெர்மோகோலுக்கும் இலவம்பஞ்சுக்கும் இருப்பது 0.003 வித்தியாசம். இதை வைத்துத் தெர்மோகோல்தான் மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அட்டை மற்ற மூன்றையும்விட மோசம் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

## 9. அறிக்கையை எழுதும் வரிசை

அச்சில் வரும் வரிசை நோக்கம், கருவிகள், கோட்பாடு, செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு. எழுதும் வரிசையும் அதுவாக இருக்க வேண்டியதில்லை. நோக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் கோட்பாட்டில் இரண்டு பக்கம் பாடநூலைப் பார்த்து எழுதிக் களைத்து, கணக்கீட்டுக்கு வரும்போது அவசரப்படுகிறார்கள்.

முதலில் அட்டவணைகள். அளந்தது ஒரு அட்டவணையிலும் கணக்கிட்டது இன்னொன்றிலும் இருக்கட்டும். கலந்துவிட்டால் பிழையைத் தேடிப் பின்னோக்கிப் போக முடியாது. அடுத்து வரைபடம்: நேரத்துக்கு எதிராகக் காற்று வித்தியாசம், எல்லாப் பொருட்களுக்கும் ஒரே தாளில். நீங்கள் காத்திருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்புறம் செய்முறை. நீங்கள் செய்ததை எழுதுங்கள், கையேட்டில் போட்டிருப்பதை அல்ல. "மாதிரி பொருத்தப்பட்டது" என்பதைவிட, எந்த மட்டத்தில், எதனால் அடைத்து, தெர்மோகப்பிள் நுனி எங்கே இருந்தது என்பது பயன்படும். பஞ்சு சரிந்து ஒரு ஓட்டத்தை ஒதுக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒதுக்கியதை மறைக்கும்போதுதான் சந்தேகம் வரும்.

கணக்கீட்டில் G கண்டுபிடித்ததை முழுமையாகக் காட்டி, ஒரே ஒரு பொருளை எடுத்துப் படிப்படியாகப் போடுங்கள். மற்றவை அட்டவணையில் இருந்தால் போதும். கோட்பாட்டுப் பகுதிக்கு அந்த ஒரு சமன்பாடும், அதன் ஒவ்வொரு உறுப்பும் பெட்டியில் எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும், ஒரு படமும் போதும். படத்தில் மாதிரி வழியாக ஒரு அம்புக்குறி, சுவர்கள் வழியாக ஒரு அம்புக்குறி, இரண்டின் மேலும் வாட் எண்கள்.

முடிவுரையில் கடத்துத்திறனையும் வெப்பத்தடையையும் தனித்தனியே சொல்லுங்கள். எங்கள் விடைகளில் 25 மி.மீ. பஞ்சின் தடை 0.63, 28 மி.மீ. நாரின் தடை 0.61. பொருளாகப் பார்த்தால் பஞ்சு முந்துகிறது. மாட்டிய பலகைகளாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், காரணம் அந்த 3 மி.மீ.

முறையின் எல்லையையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 25 மி.மீ. பலகையை எடுத்துவிட்டு 50 மி.மீ. வைக்கும்போது பெட்டியின் கசிவு துளிகூட மாறவில்லை என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் மாதிரியின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் தெர்மோகோல் விளிம்பு வழியே போகும் வெப்பம் தடிமனோடு சற்று மாறும். 75 மி.மீ. பலகை ஒன்றையும் ஓட்டி, அதற்கும் அதே G பொருந்துகிறதா என்று பார்த்தால் அந்த மாற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நேரம் இருக்கும் குழு ஐந்தாவது பொருளைத் தேடுவதற்குப் பதில் அந்த ஓட்டத்தைச் செய்யலாம்.